தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பயிற்சித் தரவாக்கிய அனுபவம்: துண்டின் நீளம், எழுத்து வடிவம், ஒப்புதல்

பட்டர்வொர்த் பதிவாளர்

செபராங் பிறையின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெரியவர்கள் பலர் இப்போது பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை, பேச்சைக் கேட்டு எழுத்தாக மாற்றும் கணினி மாதிரிகளிடம் கொடுத்தால், மலாய்ச் சொல் வரும் இடமெல்லாம் வேறு ஏதோ தமிழ்ச் சொல்லாக மாறி வருகிறது. அதனால் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஆறு மணி நேர அளவில் ஒரு சிறு தொகுப்பை உருவாக்குகிறோம். அத்தகைய மாதிரிகளில் ஒன்றான விஸ்பரின் சிறிய வடிவத்துக்கு இதைக் கொண்டு மேற்பயிற்சி கொடுப்பது எங்கள் நோக்கம்.

பயிற்சிக்காகப் பதிவை வெட்டும் துண்டின் நீளத்தில் எங்களுக்குக் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன். விஸ்பர் ஒரு நேரத்தில் 30 வினாடி ஒலியை வாங்கிக்கொள்ளும். ஆகவே 30 வினாடிக்குள் எந்த நீளமும் சரிதான் என்று பலரும் எழுதுகிறார்கள். ஒலிக்கு அது உண்மை. எழுத்துக்கு வேறொரு வரம்பு இருக்கிறது: மாதிரி எழுத்தைப் பிரித்துக்கொள்ளும் சிறு கூறுகளான டோக்கன்களில், ஒரு துண்டின் எழுத்து வடிவம் 448-ஐத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் 30 வினாடிப் பேச்சு அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. தமிழில் நிலைமை வேறு. யூனிகோடின் UTF-8 வடிவில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். அந்த மாதிரியின் டோக்கன் அட்டவணையில் முழுத் தமிழ்ச் சொற்கள் அரிது. ஒரு சொல்லே பத்துப் பன்னிரண்டு டோக்கனாக உடைந்துபோகும்.

ஒரு பாட்டி, விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவதிலிருந்து பால் நிறுத்துக் கொடுப்பது வரை மூச்சு விடாமல் சொன்ன 26 வினாடித் துண்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட சொற்கள். ஒலி வரம்புக்குள் இருக்கிறது. எழுத்தோ 448-ஐத் தாண்டிவிட்டது. சில பயிற்சி நிரல்கள் இந்த இடத்தில் பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். அவை பரவாயில்லை. மிஞ்சிய எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுத் தொடரும் நிரல்கள்தாம் ஆபத்து. ஒலியில் பால் நிறுப்பது வரை இருக்கிறது, எழுத்து கிராணியோடு முடிகிறது. இப்படிப் பல துண்டுகளைக் கற்ற மாதிரி, நீண்ட பேச்சின் கடைசிப் பகுதியை எழுதாமல் விடப் பழகிக்கொள்ளும். சோதனையில் விடுபட்ட சொற்கள் எல்லாம் துண்டுகளின் வால்பகுதியிலேயே குவிந்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எழுத்து வடிவம் தயாரானதும் ஒவ்வொரு வரியையும் இப்படி எண்ணிப் பார்க்கிறோம்:

```python
from transformers import WhisperTokenizer
tok = WhisperTokenizer.from_pretrained(
    "openai/whisper-small", language="tamil", task="transcribe")
n = len(tok(text).input_ids)   # n <= 448
```

இப்போது 3 முதல் 15 வினாடி வரை, பேச்சில் இயல்பாக நிறுத்தம் விழும் இடத்தில் வெட்டுகிறோம். நீங்கள் எந்த நீளத்தில் வெட்டினீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கிள்ளான் ஆசிரியர்

எங்கள் பள்ளி மாணவர்களின் வாசிப்பைப் பதிவு செய்தபோது நான் எல்லாவற்றையும் 30 வினாடிக்கு நெருக்கமாகவே வைத்தேன். விஸ்பர் எப்படியும் குறைந்த ஒலியை 30 வினாடி வரை வெறுமையால் நிரப்பிக்கொள்கிறது. 5 வினாடித் துண்டு கொடுத்தால் மீதி 25 வினாடி வீண்தானே? நீளமான துண்டில் முன்பின் சொற்களின் துணையும் மாதிரிக்குக் கிடைக்கும். 15-இல் நிறுத்துவது தேவையற்ற கட்டுப்பாடு என்பது என் கருத்து.

பிரிக்பீல்ட்ஸ் பொறியாளர்

ஆசிரியர் ஐயா சொல்வதில் வெறுமை நிரப்பும் விஷயம் சரி. கணிப்பொறிக்கு 5 வினாடித் துண்டும் 30 வினாடித் துண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். குறுந்துண்டுகளை மட்டுமே கற்ற மாதிரி நீண்ட பதிவில் தடுமாறுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மாணவர்கள் பாடநூலை நிதானமாக வாசித்திருப்பார்கள். அதே அளவு நேரத்துக்குள் உரையாடலில் வரும் சொற்கள் மிக அதிகம். 448 வரம்பு வாசிப்பில் தென்படாமல் உரையாடலில் தென்படுவது இதனால்தான்.

எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. 34 வினாடித் துண்டு ஒன்று தவறி உள்ளே வந்தால் கடைசி 4 வினாடி ஒலி வெட்டுப்படும், எழுத்து முழுதாக இருக்கும். கேட்காததை எழுத மாதிரிக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அதன் பிறகு அமைதியான இடங்களில் அது இல்லாத சொற்களை எழுதத் தொடங்கினால் வியப்பதற்கில்லை.

நான் செய்வது: முதலில் குறுந்துண்டாக வெட்டி, எழுதி, சரிபார்ப்பேன். பிறகு ஒரே பேச்சாளரின் அடுத்தடுத்த துண்டுகளில் சிலவற்றை, 30 வினாடியும் 448 டோக்கனும் தாண்டாதபடி பயிற்சி நேரத்தில் சேர்ப்பேன். குறுந்துண்டைச் சேர்ப்பது எளிது. நீண்ட துண்டைப் பிற்பாடு பிரிக்க வேண்டுமென்றால் மறுபடி காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

வெட்டும் இடத்தைப் பற்றி ஒன்று. அமைதியைக் கண்டுபிடித்துத் தானாக வெட்டும் கருவிகள் தமிழில் சொல்லின் கடைசி உகரத்தை விழுங்கிவிடும். 'பாத்து', 'கேட்டு' போன்ற சொற்களின் இறுதி ஒலி அவ்வளவு மெலிது. 'அவன்' என்பதன் னகரமும் பேச்சில் வெறும் மூக்கொலியாகத் தேய்ந்து நிற்கும். இருபுறமும் கால் வினாடியாவது விட்டு வெட்டுங்கள். சரிபார்க்க, துண்டுகளின் கடைசி அரை வினாடியை மட்டும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஜார்ஜ்டவுன் கோயில் தொண்டர்

நல்ல உரையாடல். எங்கள் கோயிலில் தைப்பூச அறிவிப்புகளை என் பேத்தியின் குரலில் கணினியே வாசிக்கும்படி செய்ய விரும்புகிறேன். அவள் அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்திருக்கிறாள். அதையும் 15 வினாடியாக வெட்ட வேண்டுமா?

பட்டர்வொர்த் பதிவாளர்

ஐயா, உங்களுடையது எழுத்தைப் பேச்சாக்கும் வேலை. நாங்கள் செய்வது அதன் மறுதலை. உங்களுக்கு ஒரே குரல், ஒரே மைக், சத்தமில்லாத அறை வேண்டும். எங்களுக்குப் பல குரல்களும், மின்விசிறிச் சத்தமும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் கலந்திருப்பதே பயன். ஆனால் உங்கள் கேள்வி எங்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறது. எங்கள் பெரியவர்களின் பதிவை வைத்தே யாராவது அவர்கள் குரலைப் போலப் பேசும் கருவியைச் செய்ய முடியும். ஒப்புதல் கேட்கும்போது இதையும் சொல்ல வேண்டும். உங்கள் பேத்தி சிறுமி என்றால் அவளுடைய பெற்றோரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

ஒப்புதல் பற்றி என் அனுபவம். 'பதிவு செய்யலாமா?' என்று ஒரே கேள்வி கேட்டால் எல்லாரும் 'தாராளமாக' என்பார்கள். அதை வைத்துப் பொதுவில் வெளியிட முடியாது. நான் நான்காகப் பிரித்துக் கேட்கிறேன்: பதிவு செய்ய, எழுத்தாக்க மாதிரிக்குப் பயிற்சி கொடுக்க, மற்றவர்களோடு பகிர, குரலைச் செயற்கையாக உருவாக்க. கடைசிக் கேள்விக்கு ஏறக்குறைய எல்லாரும் மறுத்தார்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும் கதையாகத் தம் குரல் இருக்கட்டும், தாம் சொல்லாததைத் தம் குரல் சொல்லக் கூடாது என்றார் ஓர் அம்மா.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிக நடவடிக்கைகளுக்கே பொருந்தும். அதன்படி அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும். நம் பெரியவர்களுக்கு அந்த இரண்டும் போதாது. தமிழில் உரக்க வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதம் சொல்வதையும் பதிவு செய்கிறேன். அந்தச் சம்மதப் பதிவில் பெயரும் ஊரும் வரும். அதனால் அது தொகுப்புக்குள் போகாது, தனியே பூட்டிய இடத்தில் இருக்கும்.

கிள்ளான் ஆசிரியர்

நாம் யாரும் வணிகம் செய்யவில்லையே. அப்படியென்றால் சட்டம் நம்மைத் தொடாது. இவ்வளவு படிவம் எதற்கு?

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

நீங்கள் வணிகம் செய்யாமல் இருக்கலாம், உங்கள் தொகுப்பை இறக்கிக்கொள்பவர் செய்வார். 2024 திருத்தம் கைரேகை போன்ற உடலளவைத் தரவையும் உணர்வுநுட்பத் தரவின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சாதாரணப் பேச்சுப் பதிவு அந்த வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்கு உரியதுதான். சட்டத்தை விடுங்கள், உரிமத்தைப் பாருங்கள். மொசில்லாவின் காமன் வாய்ஸ் பேச்சுத் தொகுப்பைப் போல, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் சிசி0 உரிமத்தில் வெளியிட்டுவிட்டால் பிறகு திரும்பப் பெற வழியில்லை. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று படிவத்தில் எழுதிவிட்டு அந்த உரிமத்தில் வெளியிடுவது பொய் வாக்குறுதி. என் படிவத்தில், வெளியீட்டுக்கு முன் குறிப்பிட்ட ஒரு தேதி வரை முழுமையாக விலகலாம், அதன்பின் அடுத்த பதிப்பிலிருந்து மட்டுமே நீக்க முடியும் என்று நேராகச் சொல்லியிருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் பொறியாளர்

விலகல் நடைமுறையில் சாத்தியமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியிலும் பேச்சாளர் குறியீடு இருக்க வேண்டும். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறிடத்தில். நான் பயன்படுத்தும் வடிவம் இதுதான், ஒரு வரிக்கு ஒரு துண்டு:

```json
{"audio_filepath": "p07/p07_0143.wav", "duration": 4.2, "speaker": "p07", "text": "காலையில அஞ்சு மணிக்கெல்லாம் பெரட்டுக்குப் போயிரணும்", "text_std": "காலையில் ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டுக்குப் போய்விட வேண்டும்"}
```

பேச்சாளர் குறியீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது ஆள்வாரியாகப் பிரிக்கலாம். துண்டுவாரியாகக் குலுக்கிப் பிரித்தால் அதே பாட்டியின் குரல் இரு பக்கமும் வந்து, சோதனை முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும்.

`text` என்பதில் காதில் விழுந்தது மட்டுமே. எண்களும் எழுத்தால்தான். எழுதுபவர் பழக்கத்தில் 'வந்துட்டாங்க' என்பதை 'வந்துவிட்டார்கள்' என்று திருத்தினால், ஒலியில் இல்லாததை மீண்டும் கற்றுக்கொடுக்கிறோம். திருத்திய வடிவம் `text_std`-க்குப் போகட்டும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு இரண்டாக இருக்கும் எழுத்துகளையும் கவனியுங்கள். 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். இதை `unicodedata.normalize("NFC", text)` சரிசெய்துவிடும். 'கௌ' என்பதற்குப் பதில் ளகரத்தைப் போட்டு 'கெள' என்று தட்டியிருந்தால் அது சரிசெய்யாது; தேடிப் பிடித்துத்தான் மாற்ற வேண்டும். தொகுப்பில் வரும் சொற்கள் அனைத்தையும் எத்தனை முறை வந்தன என்று பட்டியலிட்டால் இப்படிப்பட்டவை பெரும்பாலும் அடியில் வந்து நிற்கும்.

பட்டர்வொர்த் பதிவாளர்

ஆள்வாரிப் பிரிப்பில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து பேசிய பதிவுகளில் ஒருவர் சொல்ல மற்றவர் இடைமறிக்கிறார். குரல்கள் மேல்விழும் இடங்களை நீக்கிவிட்டோம். ஆனாலும் இருவரையும் ஒரே பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம், ஏனெனில் அறையும் மைக்கும் ஒன்று, கதையும் ஒன்று.

இன்னொன்றுக்கு விடை கிடைக்கவில்லை. ஒரு தாத்தா பேச்சினிடையே பழைய கங்காணியின் பெயரைச் சொல்லி, அவர் குடும்பத்துச் சண்டையை விவரிக்கிறார். தாத்தா ஒப்புதல் தந்திருக்கிறார். கங்காணியின் பிள்ளைகள் தரவில்லை. பெயர் வரும் இடத்தில் ஒலியை அமைதியாக்கி எழுத்திலும் எடுத்துவிடலாம் என்றால், சிறு தோட்டம், கேட்பவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். தற்போதைக்கு அந்தத் துண்டுகளைப் பயிற்சிக்கும் எடுக்காமல் தனியே வைத்திருக்கிறோம். இதே நிலையில் யாராவது முடிவு எடுத்திருந்தால் எழுதுங்கள்.

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

நான் அத்தகைய பகுதிகளை நீக்கிவிட்டேன். ஆனால் நீக்கியவற்றில்தான் பேச்சு மிக இயல்பாக இருந்தது, மலாய்ச் சொற்களும் அங்கேதான் அதிகம். பேச்சாளரிடமே திரும்பிப் போய், பெயர் சொல்லாமல் அதே நிகழ்ச்சியை மறுபடி சொல்லச் சொல்லலாம் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்கிறார். இரண்டாவது முறை சொல்லும்போது அவர்கள் கவனமாகப் பேசிவிடுகிறார்கள் என்பதால் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.