கதவு திறக்கையில் சி மேஜரிலிருந்து ஈ மேஜர்: வெளிச்சம் ஏன் நிற்கவில்லை?

குறும்பட இசை: 12-வது வினாடியில் பாட்டி கதவைத் திறக்க, அறைக்குள் வெயில் விழுகிறது. அங்கே சி மேஜரிலிருந்து நேரே ஈ மேஜருக்குத் தாவினேன். பளிச்சென்று வருகிறது. ஆனால் அடுத்து ஏ மைனர் வாசித்ததும் அணைந்து, சோகப் பாட்டாகிவிடுகிறது. ஏன்?

சேலம் கீபோர்டு: இரண்டு கார்டும் சேர்ந்து வருகிற ஸ்கேலே கிடையாது, அதனால்தான் வெளிச்சம். அடுத்து என்ன வாசித்தாலும் பாதகமில்லை. ஸ்ட்ரிங்ஸை இன்னும் தூக்கி வையுங்கள்.

ஆர்கெஸ்ட்ரா பழசு: சேலம் தம்பி, மேஜர் ஸ்கேலில் தேடினால் கிடையாது, சரி. ஏ மைனரில் தேடிப் பாருங்கள், நேச்சுரல் மைனரின் மூன்றாவது கார்டாக சி மேஜரும், ஹார்மோனிக் மைனரின் ஐந்தாவது கார்டாக ஈ மேஜரும் ஏ மைனர் பாட்டுகளில் பக்கத்துப் பக்கத்தில் சகஜமாக வரும். அதனால் ஈ மேஜர் கேட்டதும் காது 'அடுத்தது ஏ' என்று காத்திருக்கும். நீங்கள் அதையே கொடுத்துவிட்டீர்கள். தாவல் வெறும் வழிப்பாதை ஆகிவிட்டது. பேஸில் என்ன சுரம் வைத்தீர்கள்?

குறும்பட இசை: ஜி ஷார்ப், அண்ணா. கார்டில் ஏழாவது சுரமும் உண்டு.

ஆர்கெஸ்ட்ரா பழசு: இரண்டும் ஏ-வை நோக்கித்தான் தள்ளும். ஏழாவதை எடுத்துவிட்டு பேஸில் ஈ வையுங்கள். வயலினில் ஈ சுரத்தை இரண்டு கார்டுக்கும் விடாமல் பிடியுங்கள். சி மேஜரில் நடுவில் இருந்த அதே சுரம் திடீரென்று அடித்தளமாகும், கீழே சி அரைச்சுரம் இறங்கி பி ஆகும், ஜி அரைச்சுரம் ஏறி ஜி ஷார்ப் ஆகும். பளிச்சென்று கேட்பது அந்த நகர்வுதான். பிறகு ஈ-யிலேயே நில்லுங்கள், அல்லது சி-க்குத் திரும்புங்கள். ஈ-யில் நிறுத்திவிட்டு, அடுத்து வரவேண்டிய சுரத்தை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். ஏ வந்தால் காது இன்னும் பழைய பாதையில்தான் இருக்கிறது.

வீணை மாணவி: எங்கள் கிரகபேதம்தானே இது? மோகனத்தில் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் மத்யமாவதி. எனக்கும் அப்படித்தான் சட்டென்று நிறம் மாறும்.

ஆர்கெஸ்ட்ரா பழசு: இல்லை அம்மா. கிரகபேதத்தில் சுரங்கள் எல்லாம் அப்படியே இருக்க, ஆதாரம் மட்டும் மாறும். இங்கே ஒன்று நிற்கிறது, இரண்டு மாறுகின்றன.

வயலின் அக்கா: ஏன் ஈ-யோடு மல்லுக்கட்ட வேண்டும்? சி-யிலிருந்து ஏ பிளாட் மேஜருக்குப் போங்கள். சி சுரம் நிற்கும், ஏ-வை நோக்கிய இழுப்பே இருக்காது.

சேலம் கீபோர்டு: அக்கா, அது மாலை வெயில். ஈ இறங்கி ஈ பிளாட் ஆகிறதே. காலைக்கு ஈ மேஜர்தான்.

வயலின் அக்கா: மேலே சி-யை மெல்லப் பிடித்து வாசித்துப் பாருங்கள், இதுவும் விடியல்தான்.

குறும்பட இசை: பேஸை ஈ ஆக்கி, ஏழாவதை எடுத்துவிட்டேன். பாடிப் பார்த்தால் பி வருகிறது, ஏ வரவில்லை. வெளிச்சம் நிற்கிறது. ஏ பிளாட்டையும் போட்டு இயக்குநருக்கு இரண்டையும் அனுப்புகிறேன்.