விடைத்தாள் மாதிரிகளை ஒப்பிடும் கூட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் குறுவளமையத்தைச் சேர்ந்த நாலு பள்ளிகளின் பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர்கள் ஒருநாள் கூடப் போகிறோம். எட்டு மதிப்பெண் பொதுக்கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு பள்ளியின் விடைத்தாளை மற்றப் பள்ளிக்காரர்களும் திருத்திப் பார்த்து, எல்லோரும் ஒரே அளவுக்கு வர வேண்டும் என்பது திட்டம். ஒரு மதிப்பெண் வினாவில் சண்டையே இல்லை, விடைக்குறிப்பு இருக்கிறது. 100-க்கு 24 மதிப்பெண் எட்டு மதிப்பெண் வினாக்களிலிருந்து வருகிறது. அங்கேதான் ஒருவர் வள்ளல், இன்னொருவர் கருமி.

சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தால் தலைப்புக்கே சொல் கிடைக்கவில்லை. கிராஸ் மார்க்கிங், மாடரேஷன், ஸ்டாண்டர்டைசேஷன் என்று மூன்று சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ‘குறுக்குத் திருத்தம்’ என்று எழுதிக் காட்டினேன். “குறுக்குவழியில் திருத்தப் போகிறீர்களா?” என்று கேட்டார் தலைமையாசிரியர். நல்ல சொல் சொல்லுங்கள். அந்த நாளை எப்படி நடத்துவது என்பதிலும் யோசனை இருந்தால் நல்லது.

முருகேசன் எழுதியது:

இதற்கு எதற்குப் புதுச்சொல்? ‘மறுமதிப்பீடு’ என்று எல்லா அறிவிப்பிலும் வருகிறதே. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் போட்டோம். வேதியியலில் நாலு மதிப்பெண் கூடியது. நகல் வாங்காமல் நேராக மறுகூட்டலுக்குப் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்வி எழுதியது:

நல்ல தகவல் சார், ஆனால் அது முடிவு வெளிவந்த பிறகு ஒரு பிள்ளை கேட்டு வாங்குவது. நாங்கள் கேட்பது, மதிப்பெண் போடுவதற்கு முன்பே ஆசிரியர்கள் தங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்கு.

ராகவன் எழுதியது:

செல்வி அம்மா, உங்கள் கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று சொற்களும் ஒரே வேலையைக் குறிக்கவில்லை. திருத்துவதற்கு முன்னால், எல்லோரும் ஒரே மாதிரிகளைத் திருத்திப் பார்த்து அளவை முடிவு செய்வது ஒன்று. திருத்திய பிறகு, கட்டிலிருந்து சில தாள்களை உருவி இன்னொருவர் பார்த்து, அந்த அளவு தாங்கியதா என்று சோதிப்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்வார்கள். திருத்தும் முகாம்களில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பொதுத்தேர்வு முகாமில் முதன்மைத் தேர்வாளர்களும் கூர்ந்தாய்வாளர்களும் முதலில் திருத்திவிட்டுத்தான் உதவித் தேர்வாளர் கையில் கட்டு வரும். பள்ளி அளவில் அந்த முதல் படி கிடையாது, அதைத்தான் நீங்கள் கொண்டுவருகிறீர்கள்.

நடத்தும் விதம் பற்றி: காலைக்கு ஆறு கட்டுரை போதும். இருபது வைத்தால் மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பெண் போட நாலு நிமிஷம்தான் ஆகும், பேசக் கால் மணி நேரம் வேண்டும். மாதிரிகளைத் திருத்தாத தாளிலிருந்து நகல் எடுங்கள். சிவப்பு மையில் ஒரு சுழி தெரிந்தாலும் அடுத்தவர் கை அதற்குப் போய்விடும். பெயர், பள்ளி முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் பேசாமல் திருத்தி, மதிப்பெண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாச் சீட்டும் சேர்ந்த பிறகுதான் கரும்பலகையில் எழுதுவது. அனுபவசாலி ஒருவர் “இது ஆறு தாராளமா போடலாம்” என்று முதலில் வாயைத் திறந்துவிட்டால் அன்றைக்குக் கூட்டம் முடிந்த மாதிரிதான்.

கார்த்திக் எழுதியது:

ராகவன் சார் சொல்வது சரி, ஆனால் இவ்வளவு பேச்சு எதற்கு? நாலு பேர் தனித்தனியாகப் போட்டு சராசரி எடுத்தால் கூடுதலும் குறைவும் அடிபட்டுப் போகும். எங்கள் கல்லூரியில் இரண்டு பேர் திருத்தி சராசரிதான் எடுப்போம். மாதிரிக்கு நன்றாக எழுதியது ஒன்று, சுமார் ஒன்று, மோசம் ஒன்று எடுத்தால் போதும். சொல்: ‘தரப்படுத்தல்’. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

செல்வி எழுதியது:

ஒரு சின்ன முன்னோட்டம் பார்த்தேன். ‘உங்கள் ஊர் நூலகமும் அதற்குத் தேவையானவையும்’ என்ற கட்டுரை. இரண்டு மாணவர்களின் தாளைப் பெயரை மறைத்து வாட்ஸப்பில் நாலு பேருக்கும் அனுப்பினேன். முதல் தாளுக்கு 3, 5, 6, 7 வந்தது. இரண்டாவதற்கு 4, 6, 7, 7.

முதல் பையன் தன் ஊர் நூலகத்தையே எழுதியிருக்கிறான். மேசையில் ஒரே ஒரு நாளிதழ், அதையும் நாலு பேர் தாள் தாளாகப் பிரித்து வைத்துப் படிக்கிறார்கள், மழை வந்தால் பின்சுவர் அலமாரியை இழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம். ஆனால் வரிக்கு வரி ர, ற குழப்பம், ஒற்றுப்பிழை, உட்தலைப்பும் இல்லை. இரண்டாவது பெண் முத்து முத்தான கையெழுத்து, அடிக்கோடிட்ட உட்தலைப்புகள், மேற்கோள்கள். நூலகத்தின் பெருமை பற்றிக் கையேட்டில் இருப்பது அப்படியே இருக்கிறது. அவள் ஊரும் இல்லை, அந்த ஊருக்கு என்ன தேவை என்பதும் இல்லை.

ராகவன் எழுதியது:

கார்த்திக் தம்பி, இதையே எடுத்துக்கொள்வோம். சராசரி போட்டால் பையனுக்கு 5.25, பெண்ணுக்கு 6. கேள்விக்கு விடை எழுதியவன் கீழே, எழுதாதவள் மேலே. ஒருவர் கை இறுக்கம், ஒருவர் கை தாராளம் என்ற வேறுபாட்டைச் சராசரி ஓரளவு குறைக்கும், உங்கள் கல்லூரியில் அதனால் பயன் இருக்கலாம். ஆனால் இங்கே 3 போட்டவர் பிழையை எண்ணினார், 7 போட்டவர் கருத்தை எண்ணினார். இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு பொருளை அளந்தால் நடுவில் வரும் எண் எதையும் அளக்கவில்லை.

அதனால்தான் “ஏன் 3?” என்று கேட்கக் கால் மணி நேரம் வேண்டும் என்கிறேன். பேசினால் உண்மையான கேள்வி வெளியே வரும்: எட்டில் எவ்வளவைப் பிழை தின்னலாம்? கருத்துக்கு 4, அமைப்புக்கு 2, மொழிக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் கருத்தில் 4, அமைப்பில் 1, மொழியில் 0, மொத்தம் 5. பெண் கருத்தில் 1, மற்ற இரண்டிலும் முழுசாக 2, மொத்தம் 5. இப்போதும் எல்லோருக்கும் மனசு ஒப்பாது. ‘கேள்விக்கு விடை சொல்லாத கட்டுரைக்கு மொத்தமே 4-க்கு மேல் கிடையாது’ என்று ஒரு விதி சேர்க்கலாமா என்பதுதான் கூட்டத்தில் சண்டை போட வேண்டிய இடம். முடிவானதும் அந்தத் தாளின் அடியிலேயே மதிப்பெண்ணோடு காரணத்தையும் இரண்டு வரியில் எழுதி எல்லோரும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாவது தாள் திருத்தும்போது அந்த இரண்டு வரிதான் உதவும்.

மாதிரித் தேர்வும் இதனால்தான். நல்லது, சுமார், மோசம் என்று எடுத்தால் எல்லோரும் ஒத்துப்போய் மகிழ்ச்சியாக டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். இந்த இரண்டு தாள் மாதிரி இழுபறியானவைதான் வேண்டும். மிக நீளமாக எழுதி விலகிப் போனது ஒன்று, சின்னதாக எழுதிச் சரியாகச் சொன்னது ஒன்று, பாதியில் நின்றது ஒன்று.

மதியம் புதிதாக நாலு தாள் கொடுங்கள், பேச்சில்லாமல். எட்டுக்கு ஒன்று கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம். ஒருவர் எல்லாத் தாளுக்கும் ஒன்று குறைத்தே போடுகிறார் என்றால் பயமில்லை, சொன்னால் திருத்திக்கொள்வார். ஒரு தாளுக்கு 2 கூட, அடுத்ததற்கு 2 குறைய என்று போகிறவர்தான் பிரச்சினை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் சரியாக இருப்பது போலவே தெரியும். அவரோடு தனியாக உட்கார வேண்டும்.

தர்ஷினி எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. கார்த்திக் சொன்ன ‘தரப்படுத்தல்’ வேண்டாமே. அகராதிப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எங்களுக்கு அந்தச் சொல் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த திட்டத்தின் பெயர். தமிழ் மொழிமூலம் எழுதிய பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. பரீட்சை, புள்ளி பற்றிய பேச்சில் இந்தச் சொல் வந்தாலே இங்கே பெரியவர்களின் முகம் மாறும். ஒரே அளவாகத் திருத்த வேண்டும் என்பதற்கு அதே சொல்லா?

ராகவன் ஐயா சொன்ன முதல் படி இங்கேயும் உண்டு. பிரதம பரீட்சகர் புள்ளித்திட்டத்தை விளங்கப்படுத்திய பிறகே மற்றப் பரீட்சகர்கள் தொடங்குவார்கள். சொல் எதுவானாலும் ‘மதிப்பெண்’ என்பதை உள்ளே வைக்காதீர்கள், நாங்கள் புள்ளி என்போம்.

கார்த்திக் எழுதியது:

தர்ஷினி அக்கா, இது எனக்குத் தெரியாது. அந்தச் சொல் வேண்டாம். ‘ஒப்புத் திருத்தம்’ எப்படி? ஒப்பிடுவது, ஒப்புக்கொள்வது இரண்டும் அதில் இருக்கிறது.

இளங்கோ எழுதியது:

ஒப்புக்குத் திருத்துவது என்று படித்துவிடுவார்கள் ஐயா! அரையாண்டுத் தாளை அப்படித் திருத்துகிறவர்கள் உண்டு என்பது வேறு விஷயம்.

118ஆம் குறளைப் பாருங்கள், ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’. தராசு முதலில் தன்னைச் சமன் செய்துகொள்கிறது, அப்புறம்தான் பொருளை நிறுக்கிறது. ராகவன் ஐயா பிரித்த வரிசை இதிலேயே இருக்கிறது. முன்னால் நடப்பது ‘சமன்செய் அமர்வு’.

கார்த்திக் எழுதியது:

தொடர் 1-1 என்று சமன் ஆனது போல இருக்கிறதே. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் போடும் கூட்டம் என்று நினைத்துவிட்டால்?

ராகவன் எழுதியது:

நினைப்பார்கள். தனிச்சொல்லாக விட்டால் ஆபத்துதான். ‘திருத்துநர்’ என்று முன்னால் சேர்த்துவிட்டால் சமன் ஆவது ஆசிரியர், மதிப்பெண் அல்ல என்பது விளங்கும். ‘திருத்துநர் சமன்செய் அமர்வு’. நீளம்தான், ஆனால் புள்ளி, மதிப்பெண் இரண்டும் இல்லாததால் தர்ஷினி அம்மாவுக்கும் ஆகும். பின்னால் நடப்பதற்கு ‘மாதிரிச் சரிபார்ப்பு’ என்று வெறுமனே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

தர்ஷினி எழுதியது:

முதலாவதை எடுத்துக்கொள்கிறேன், எங்களுக்குத் திருத்துநர் என்பது பரீட்சகர் ஆகிவிடும், அவ்வளவுதான். ஆனால் ‘மாதிரிச் சரிபார்ப்பு’ என்றால் மாதிரி வினாத்தாளைச் சரிபார்ப்பது என்று நினைப்பேன். அதற்கு இன்னும் தேட வேண்டும்.

செல்வி எழுதியது:

சுற்றறிக்கையில் ‘திருத்துநர் சமன்செய் அமர்வு’ என்று போட்டுவிட்டேன். காலையில் ஆறு, மதியம் நாலு, துண்டுச்சீட்டு எல்லாம் அப்படியே. இரண்டாவது சொல்லைத் திறந்தே விடுகிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் நிற்கிறது. ‘4-க்கு மேல் கிடையாது’ என்ற விதியை நாங்களே ஏற்றுக்கொண்டாலும், பொதுத்தேர்வு விடைக்குறிப்பு அப்படிச் சொல்லாவிட்டால்? அரையாண்டில் 4 வாங்கிய பெண்ணுக்கு ஏப்ரலில் 7 விழும். எங்களுக்குள் ஒத்துப்போய், முகாமோடு ஒத்துப்போகாமல் இருப்போமே.

ராகவன் எழுதியது:

பொதுத்தேர்வில் அவர்கள் குறிப்புதான் சட்டம், அதில் பேச்சில்லை. பழைய பொதுத்தேர்வு விடைக்குறிப்புகள் இரண்டு மூன்றைக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். எட்டை எப்படிப் பிரிப்பது என்பதை அவற்றிலிருந்தே தொடங்குங்கள், நான் சொன்ன 4, 2, 2-லிருந்து அல்ல. 4-க்கு மேல் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் தாளில் ‘கேள்வியைப் படி’ என்று யாராவது எழுதியாக வேண்டும்.

முருகேசன் எழுதியது:

இந்தக் கூட்டத்துக்குப் பெற்றோர் வரலாமா?