அந்த எடைக்கல்லில் இருப்பது மூன்றா, இல்லையா?

பழையபெட்டி:
காப்பாட்சியருக்கு அனுப்ப இந்தக் குறிப்பை எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"ஐயா, படங்களில் இருப்பது என் கொள்ளுப்பாட்டியின் உடைமை. உள்ளங்கை அளவு மரப்பெட்டிக்குள் ஒரு மடக்குத் தராசு, இரண்டு பித்தளைத் தட்டுகள், இரண்டு சதுர எடைக்கற்கள். சிறிய கல்லில் 3 போன்ற குறியும் ஒரு கோடும் உள்ளன. பெரியதில் அதே குறியும் இரண்டு கோடுகளும். பாட்டி இதில் மருந்துப் பொடி நிறுத்ததாக அம்மா சொல்வார். இது மருத்துவப் பொருளா, அளவைக் கருவியா, நாணயம் சார்ந்ததா?"

சமையலறைத் தராசில் சிறியது 4 கிராம், பெரியது 8 கிராம் காட்டின.

செல்லாக்காசு:
"அம்மா சொல்வார்" என்பதை வைத்து வகை பிரிக்க முடியாது. இது பொன் நாணயம் நிறுக்கும் தராசு. 3 என்றால் மூன்று பென்னிவெயிட். இருபது வருடமாக நாணயம் சேர்க்கிறேன், இதுபோல் பல பெட்டிகளைப் பார்த்தாயிற்று.

தராசுமுள்:
மூன்று பென்னிவெயிட் 4.67 கிராம். அவருடைய தராசு 5 காட்டியிருக்க வேண்டும், 4 காட்டுகிறது. பெரிய கல்லிலும் அதே குறிதான், ஆனால் எடை இரு மடங்கு. குறி எண்ணாக இருந்தால் இது எப்படி? அது டிராம் என்ற மருந்து அளவின் குறி. எண்ணிக்கையைச் சொல்வது பக்கத்திலுள்ள கோடுகள். ஒரு டிராம் 3.89 கிராம், இரண்டு டிராம் 7.78. தராசு காட்டிய 4, 8 இவைதான். இரண்டாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: குறியின் தலை தட்டையாக இருக்கிறது, பக்கத்துக் கோடுகளில் கடைசியானது மட்டும் கீழே நீண்டு வளைகிறது. பிறகு யாரும் இன்னொரு கோடு சேர்த்துவிடாதபடி மருந்துக் குறிப்புகளில் அப்படித்தான் எழுதினார்கள்.

செல்லாக்காசு:
தலை தட்டையான மூன்றைப் பழைய அச்சு எழுத்துகளில் நீங்கள் பார்த்ததே இல்லையா? கோடுகள் சரிபார்த்தவர் வெட்டிய அடையாளம். போன முறையும் தேய்ந்த ஒரு காசை வைத்துக்கொண்டு இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் எடுத்தீர்கள். மூன்று என்பது மூன்றுதான்.

திசைகாட்டி:
எங்கள் தாத்தாவின் திசைகாட்டியைப் புளி போட்டுப் பளபளப்பாகத் தேய்த்தேன். இதையும் அப்படிச் செய்து படம் எடுத்தால் குறி தெளிவாகத் தெரியும்.

தராசுமுள்:
தயவுசெய்து தேய்க்காதீர்கள். தேய்த்தால் பித்தளை போகும், எடை குறையும், குறியின் விளிம்பு மழுங்கும். நாம் சண்டை போடும் சான்றே அழிந்துவிடும். அறையை இருட்டாக்கி, பக்கத்திலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஓர் அளவுகோலைக் கீழே வைத்துப் படம் எடுத்தால் போதும்.

திசைகாட்டி:
என் திசைகாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துகள் கொஞ்சம் மங்கின, அவ்வளவுதான்.

ஏடுகாப்பவர்:
கேள்வி வகையைப் பற்றியது. அருங்காட்சியகப் பொருள்களை வகைப்படுத்த 1978-இல் ராபர்ட் சென்ஹால் வகுத்த முறையில், பொருள் எதனால் ஆனது என்பதல்ல, எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதே கணக்கு. தராசின் வேலை நிறுப்பது. ஆகவே இது அளவைக் கருவி. டிராமோ மூன்றோ, எதுவானாலும் முடிவு இதுதான்.

தராசுமுள்:
பாதி சரி. அந்த முறையில் எடை அளவைகள், மருத்துவக் கருவிகள் இரண்டும் அறிவியல், தொழில்நுட்பக் கருவிகள் என்ற ஒரே பிரிவின் உட்பிரிவுகள்தான். எந்த உட்பிரிவு என்பதற்கு அந்தக் குறிதான் சாட்சி. மருந்துக்கென்றே செய்த கற்கள் என்றால் நான் மருத்துவத்தில் வைப்பேன்.

ஏடுகாப்பவர்:
வைக்கக் கூடாது. மருந்துத் தொடர்பை விவரக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

தராசுமுள்:
விவரக் குறிப்பை யார் திறந்து பார்க்கிறார்கள்? பழையபெட்டி, குறிப்பில் எடையையும் சேர்த்துவிடுங்கள். அம்மா சொன்னதைத் தனி வாக்கியமாக, "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று எழுதுங்கள். மருந்து நிறுத்தது வீட்டின் நினைவு, 4 கிராம் அளந்து கண்டது. இரண்டும் கலந்தால் காப்பாட்சியர் இரண்டையும் சந்தேகிப்பார்.

செல்லாக்காசு:
சமையலறைத் தராசின் 4-ஐ நம்பியா எழுதச் சொல்கிறீர்கள்? அந்தத் தராசுகள் சின்ன எடையில் தடுமாறும்.

தராசுமுள்:
தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிண்ணத்தை முதலில் வைத்து, அதன் எடையைக் குறித்துக்கொண்டு, இரண்டு கற்களையும் சேர்த்துப் போடுங்கள். டிராம் என்றால் ஏறக்குறைய 12 கிராம் கூடும். உங்கள் கணக்கில் சிறியது மூன்று, பெரியது ஆறு பென்னிவெயிட் என்றால் 14.

பழையபெட்டி:
போட்டுப் பார்த்தேன். ஒருமுறை 12, மறுமுறை 13. விளக்கைச் சாய்த்து எடுத்த படமும் இணைத்திருக்கிறேன்.

தராசுமுள்:
தட்டையான தலை இப்போது தெளிவாகத் தெரிகிறது.

செல்லாக்காசு:
தெளிவாக மூன்று தெரிகிறது. 13 வந்ததை மறைக்காதீர்கள்.