புதுப்பிப்பு: ராஜினாமா கடிதம் கொடுத்தாச்சு

முன்பு கேட்டது: "மதுரையில் 4 வருடமாக ஃபீல்டு சேல்ஸ். வேறு கம்பெனி மார்க்கெட்டிங் டீமில் வேலை கிடைத்திருக்கிறது. ராஜினாமா கடிதத்தில் என்னவெல்லாம் எழுதணும்?"

அதற்கு இங்கே பதில் போட்ட, ஏரியா மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் சொன்னபடியே எழுதினேன். புது கம்பெனி பெயர், டார்கெட் புலம்பல் எதுவும் இல்லை. கடிதத்தின் உடல் இவ்வளவுதான்:

"சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். 30 நாள் நோட்டீஸ்படி ஜூலை 2 என் கடைசி வேலை நாள். எந்த நாளில் எந்தக் கடைகள் என்ற பீட் விவரம், கடைகளின் கடன் பாக்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் நிலுவை கிளெய்ம்கள் ஆகியவற்றின் பட்டியலை இணைத்துள்ளேன்."

அந்தப் பட்டியல்தான் காப்பாற்றியது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு எங்கள் கம்பெனியிடமிருந்து ஸ்கீம் தள்ளுபடி, டேமேஜ் சரக்கு கிளெய்ம் 42,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. அதில் பாதிக்கு நான் வாய்வார்த்தையாகத்தான் சரி சொல்லியிருந்தேன். நான் போனபின் அது யார் தலையில் விழும்? பில் பில்லாக உட்கார்ந்து பார்த்து, மேனேஜருக்கு மெயில் போட்டு ஒப்புதல் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டர் 'பாக்கி இல்லை' கடிதத்தில் சீல் வைத்தார். அதுவரை டீ மட்டும்தான் கொடுத்தார்.

"ஜூன் முடியும்வரை இருந்தால் காலாண்டு இன்சென்டிவ் உறுதி" என்றவர் சொன்னது பாதி சரி. டார்கெட் முடித்துவிட்டேன், ஆனால் பணம் போடும் தேதியில் ஊழியராக இருக்கவேண்டும் என்று எங்கள் பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. ஹெச்.ஆரிடம் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

மார்க்கெட்டிங்குக்கு மாறுவது சரியா என்று தன் கதையைச் சொன்ன தம்பிக்கு: நான் கேட்டது கடிதம் பற்றி மட்டும்தான்பா! ஆனால் உங்கள் பைக் அலவன்ஸ் கணக்கை ரசித்துப் படித்தேன்.