புதுப்பிப்பு: கன்சோல் போர்ட்டும் காலித் திரையும்

முன்பு நான் இங்கே கேட்டது: "பழைய ஸ்விட்ச் வாங்கினேன். கன்சோல் போர்ட்டில் நீலக் கேபிளைச் செருகி, வேகத்தை 9600 வைத்தும் திரை காலியாகவே இருக்கிறது. போர்ட் போய்விட்டதா?"

போர்ட் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் தப்பு. காட்பாடியில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், "தம்பி, ரெண்டு முனையையும் கிளிப் கீழே இருக்கிற மாதிரி பக்கத்துல வச்சுப் பாரு" என்றார். இரண்டிலும் இடமிருந்து ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு என்று தொடங்கிப் பழுப்பில் முடிந்தது. அப்படியென்றால் அது சாதாரண நெட்வொர்க் கேபிள். கன்சோல் கேபிளில் ஒரு முனை மற்றதற்கு முழுத் தலைகீழ்: 1-ஆம் பின் போய் 8-ல், 2 போய் 7-ல், 3 போய் 6-ல் சேரும்.

ஸ்விட்ச் 3-ஆம் பின்னில் அனுப்புகிறது. என் 9 பின் அடாப்டர் அதை 6-ல் எதிர்பார்க்கிறது. நேர்க் கேபிளில் அனுப்பும் கம்பியும் அனுப்பும் கம்பியுமே முட்டிக்கொண்டன. அதனால்தான் குப்பை எழுத்துகூட வரவில்லை.

"கிராஸ் கேபிள் போதும்" என்ற ராணிப்பேட்டை நண்பருக்கு: மாற்றிப் போடுவது சரிதான், ஆனால் அதில் 1-3, 2-6 மட்டுமே மாறும். போட்டுப் பார்த்தேன், வரவில்லை. யுஎஸ்பி டிரைவர் பிரச்சினையாக இருக்கலாம் என்று சொன்னவரே, என் லேப்டாப்பில் சீரியல் போர்ட் முதலிலேயே தெரிந்தது.

ஒரு முனையை வெட்டி, பழுப்பிலிருந்து தொடங்கித் தலைகீழாகக் கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் இந்தப் பக்கம் 1 எரிய, அந்தப் பக்கம் 8 எரிந்தது. என்டர் தட்டியதும்:

```
Switch>
```

`enable` அடித்தால் கடவுச்சொல் கேட்கிறது. முன்பு வைத்திருந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.