செவன் கார்டு ஸ்டட்: மடித்த சீட்டை எப்படி நினைவில் வைப்பது?

ஸ்டட் போக்கர் தெரிந்தவர்கள் உதவ வேண்டும். ஆறு பேர் ஆட்டம், பந்தயம் 10, ஐந்தாம் ஸ்ட்ரீட்டிலிருந்து 20. மூன்றாம் ஸ்ட்ரீட்டில் எனக்கு மறைவில் ஆட்டின் ராஜாவும் ஒன்பதும், மேலே ஆட்டின் ஆறு. ஃபிளஷ் வந்துவிடும் என்ற ஆசையில் எதிராளியின் ராணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் மடித்துவிட்டார்கள். அவர்கள் கவிழ்த்த திறந்த சீட்டுகளில் மூன்று ஆட்டின் என்பது பிறகுதான் உறைத்தது.

நான்காவதில் எனக்கு ஆட்டின் நான்கு, எதிராளிக்கு ஆட்டின் ஏழு. ஐந்தாவதில் எனக்குப் பயனற்ற கிளாவர் பத்து, அவருக்கு இரண்டாம் ராணி. அவர் 20 வைத்தார், நானும் வைத்தேன். ஃபிளஷ் வரவில்லை.

வீட்டில் கணக்குப் போட்டேன். நான் பார்க்காத சீட்டு 40. மேசையில் வேறு ஆட்டினே தெரியாமல் இருந்திருந்தால் ஒன்பது மிச்சம். இரண்டு சீட்டுக்குள் ஃபிளஷ் வர நூற்றுக்கு 40 வாய்ப்பு. உண்மையில் மிச்சம் ஐந்துதான், வாய்ப்பு 24. அப்போது நடுவில் 69 இருந்தது. ஆறாம் ஸ்ட்ரீட்டுக்கும் இன்னொரு 20 கட்ட வேண்டும் என்பதால், அந்த விலைக்கு இது போதவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ராஜா எதுவும் மேசையில் தெரியவில்லை. ராஜா ஜோடி சேர்ந்தால் ராணி ஜோடியை வெல்லும், அவரிடம் இரண்டாம் ஜோடி இல்லாவிட்டால். அந்த வாய்ப்பையும் சேர்த்தால் ஐந்தாவதில் தொடர்ந்தது சரியா? அல்லது மூன்றாவதிலேயே மடித்திருக்க வேண்டுமா?

மடித்த சீட்டுகளை எந்த வரிசையில் மனத்தில் பதிக்கிறீர்கள்? சின்னவாரியாகவா, இடவாரியாகவா? நான்கு பேர் ஒரே நேரத்தில் கவிழ்க்கும்போது எனக்குக் குழம்பிவிடுகிறது.