185 லிட்டர் டைரக்ட் கூலா, 240 லிட்டர் ஃப்ராஸ்ட் ஃப்ரீயா? பில் 500 யூனிட் விளிம்புல நிக்குது

மாலதி_மதுரை:
வீட்டுல நாலு பேர். 15 வருஷ சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், ஐஸ் மலை மாதிரி கட்டுது. கடையில ரெண்டு பார்த்தேன். ஸ்டிக்கர்ல 185 லிட்டர் டைரக்ட் கூல் வருஷத்துக்கு 165 யூனிட், 240 லிட்டர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ 225 யூனிட். ரெண்டுமே 3 ஸ்டார். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? போன ரெண்டு மாச பில் 492 யூனிட். 500 தாண்டிடுமோன்னு பயமா இருக்கு.

கரண்ட்_கண்ணன்:
ஃப்ராஸ்ட் ஃப்ரீ பக்கமே போகாதீங்க. உள்ளே ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், கரண்ட் ரெண்டு மடங்கு.

செல்வம்_சர்வீஸ்:
ஹீட்டர் இருக்கிறது நிஜம்தான் கண்ணன். ஆனா அது ஓடிக்கிட்டே இருக்காது. கம்ப்ரசர் பல மணி நேரம் ஓடின பிறகு காயில்ல படிஞ்ச பனியை உருக்க கொஞ்ச நேரம் எரிஞ்சு அணையும். கூடவே ஒரு ஃபேனும் ஓடும். இந்தச் செலவெல்லாம் ஸ்டிக்கர் யூனிட்லயே அடங்கிடும்.

மாலதிம்மா, ரெண்டு ரகத்துக்கும் ஸ்டார் அளவுகோல் தனித்தனி. அதனால அதோட 3 ஸ்டாரையும் இதோட 3 ஸ்டாரையும் பக்கத்துல வச்சுப் பார்க்காதீங்க. வருஷ யூனிட்டைப் பாருங்க. 60 யூனிட் வித்தியாசம்னா ஒரு பில்லுக்கு 10 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி 401லிருந்து 500 வரை யூனிட்டுக்கு 6.30, அதாவது 63 ரூபாய்.

ஆனா விளிம்புல கதை வேற. 495 யூனிட்னா 1,773 ரூபாய் சொச்சம். 505 ஆனா 2,082. பத்தே யூனிட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல. 500 தாண்டினா 101லிருந்து 200 வரைக்கான 2.35 ரூபாய்ச் சலுகை போயிடும், அதான் காரணம்.

முதல்ல பழைய ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. ஊருக்குப் போற அன்னிக்கு மத்ததெல்லாம் அணைச்சு, ஃப்ரிட்ஜை மட்டும் விட்டுட்டு, போறப்பவும் வந்ததும் மீட்டரைப் போட்டோ எடுங்க.

ராஜி அக்கா:
எங்க வீட்டு டபுள் டோர்ல கீழ் தட்டுல தண்ணி தேங்குது. கம்பெனியை மாத்தணுமா?

செல்வம்_சர்வீஸ்:
அக்கா, அது வேற பிரச்சினை. பின்னாடி தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருக்கும். தனி இழை போடுங்க, சொல்றேன்.

இட்லிமாவு_ஜெயா:
நாலு பேருக்கு 240 தாராளம்னு கடைக்காரர் சொல்லுவார், நம்பாதீங்க. நான் அப்படித்தான் வாங்கினேன். அதுல 50 லிட்டருக்கு மேல ஃப்ரீசருக்கே போயிடுச்சு. கீழே மிஞ்சறது 185 சொச்சம். சிங்கிள் டோர் 185ல ஃப்ரீசர் குட்டி, 15 லிட்டர் மாதிரி இருக்கும், கீழே 170 கிடைக்கும். ஆக, 55 லிட்டர் கூடுதல்னு காசு கொடுத்து, கீழே கிடைச்சது 15 லிட்டர்தான். என் மாவுத் தூக்கு இன்னமும் தட்டைக் கழட்டினாத்தான் நிக்குது. வாராவாரம் மீன் வாங்கி வைக்கிற வீடுன்னா அந்த ஃப்ரீசர் வரம். எங்க வீட்டுல மூணு ஐஸ் ட்ரே மட்டும் குளிர் காயுது.

கரண்ட்_கண்ணன்:
ஃபேன் காத்துல கொத்தமல்லி காஞ்சு போகும், அதையும் சொல்லுங்க.

செல்வம்_சர்வீஸ்:
அது சரி, மூடி வைக்காததெல்லாம் சீக்கிரம் காயும். ஆனா டைரக்ட் கூல்ல ஐஸ் தடிச்சா குளிர் கீழே இறங்காது, கம்ப்ரசர் கூடுதலா ஓடும், ஸ்டிக்கர் யூனிட் பொய்யாயிடும். விரல் தடிமனுக்கு விடாம டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தணும். கத்தியால கீறாதீங்க. வருஷத்துல எத்தனை ஃப்ரீசர் ஓட்டை பார்க்கிறேன் தெரியுமா, எல்லாம் கத்திதான்.

மாலதி_மதுரை:
மாமியார் வீட்டுக்குப் போய் வந்தேன் அண்ணா. 48 மணி நேரத்துல மீட்டர் 2.8 யூனிட் நகர்ந்திருக்கு.

செல்வம்_சர்வீஸ்:
நாளுக்கு 1.4, வருஷத்துக்கு 511. கதவே திறக்காம இது! பில்லுக்கு 85 யூனிட் வருது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஸ்டிக்கர் கணக்குல 38. அது சோதனை நிலையில எடுத்த அளவு, மதுரை வெயில்லயும் கதவைத் திறந்து மூடறதுலயும் கூடும். 50ன்னே வச்சாலும் உங்க 492 நானூத்தம்பத்தேழுக்கு இறங்கும். எதை வாங்கினாலும் 500 பயம் இல்ல. ஏசி வாங்காத வரைக்கும்.

மாலதி_மதுரை:
அப்போ கரண்ட் பேச்சு முடிஞ்சுது. இவர் இன்னும் சிங்கிள் டோர்தான்னு நிக்கிறார், எனக்கு அந்த ஐஸ் வேலையே ஆகாது. எங்க மாவுத் தூக்கு உயரம் 23 செ.மீ. ஞாயித்துக்கிழமை அளவு டேப்போட கடைக்குப் போறேன்.